ஒரே குழாயில் குளிரும் கொதியும்

1985-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருந்த சீட்டஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு புதிய முறையை உலகுக்கு அறிவித்தார்கள். மனித டிஎன்ஏ-வில் நமக்கு வேண்டிய ஒரு சிறு துண்டை மட்டும் குறிவைத்துப் பல லட்சம் மடங்கு பெருக்கிக் காட்டும் முறை அது. கேரி முல்லிஸ் 1983-இல் சிந்தித்த வழி. பி.சி.ஆர். என்று இன்று எல்லோரும் அறிந்திருக்கும் அந்த முறை, அப்போது செய்பவரைப் படாதபாடு படுத்தியது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குழாயைத் திறந்து புதிதாக நொதியைச் சேர்க்க வேண்டும். இருபது சுற்று என்றால் இருபது முறை.

காரணம் எளியது. டிஎன்ஏ இரண்டு இழைகளாலான ஏணி. அதைப் படியெடுக்க முதலில் இழைகளைப் பிரிக்க வேண்டும். அதற்குக் கரைசலைச் சுமார் 95 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்குகிறார்கள். பிறகு சற்றுக் குளிரவைத்தால், ‘பிரைமர்’ எனப்படும் இருபது எழுத்து அளவிலான சிறு டிஎன்ஏ துண்டுகள் தங்களுக்குப் பொருந்தும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து பாலிமரேஸ் என்ற நொதி எழுத்து எழுத்தாகக் கோத்துப் புதிய இழையைக் கட்டும். இது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிப்பாகும் என்பதால், எல்லாம் சரியாக நடந்தால் முப்பதாவது சுற்றில் ஒரு துண்டு நூறு கோடிக்கும் மேல் ஆகிவிடும். ஆனால் அன்று பயன்படுத்திய பாலிமரேஸ், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. அது 37 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். 95 டிகிரியில் வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல உருக்குலைந்துவிடும். ஒருமுறை வெந்த இந்த நொதி பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே அடுத்த சுற்றுக்குப் புது நொதி.

ஈ.கோலை நம் உடலின் சூட்டுக்குப் பழகிய உயிர். 20 முதல் 45 டிகிரி வரையான மிதமான சூட்டில் செழிக்கும் இத்தகைய நுண்ணுயிர்களை மீசோஃபைல்கள், அதாவது மிதவெப்ப விரும்பிகள் என்கிறார்கள். நமக்கு நோய் தரும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவையும் இட்லி மாவைப் புளிக்கவைப்பவையும் இந்த வகைதான். மார்கழிக் குளிரில் மாவு பொங்க மறுப்பது இதனால்தான். துருவக் கடல்களிலும் பனியிலும் வாழ்பவை சைக்ரோஃபைல்கள், குளிர்விரும்பிகள். 15 டிகிரியும் அதற்குக் கீழும்தான் அவற்றுக்கு இதம், 20 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் வளராது. 45 டிகிரிக்கு மேல் செழிப்பவை தெர்மோஃபைல்கள், வெப்பவிரும்பிகள். (குளிர்சாதனப் பெட்டியில் கெடும் பாலில் வளர்பவை அசல் குளிர்விரும்பிகள் அல்ல. அவை குளிரைத் தாங்குபவை. மிதமான சூடு கிடைத்தால் இன்னும் வேகமாக வளரும்.)

சீட்டஸ் நிறுவனத்துக்குத் தேவைப்பட்ட நொதி, பி.சி.ஆர். என்ற எண்ணமே பிறக்காத காலத்தில் கண்டெடுக்கப்பட்ட ஓர் உயிரில் இருந்தது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் நூற்றுக்கணக்கான வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. உயரமான இடம் என்பதால் அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இந்தியானா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிராக் 1960-களில் அந்த ஊற்றுகளில் எந்தச் சூடு வரை உயிர் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். 1966-இல், இளங்கலை மாணவராக இருந்த ஹட்சன் ஃப்ரீஸ் உடன் சேர்ந்து, மஷ்ரூம் ஸ்பிரிங் என்ற ஊற்றின் மாதிரியிலிருந்து 70 டிகிரியில் நன்றாக வளரும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டு 1969-இல் அதை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். கையோடு அதன் வளர்ப்பு ஒன்றைப் பொது நுண்ணுயிர்ச் சேகரிப்பகத்திலும் ஒப்படைத்தார்கள். யார் கேட்டாலும் பெறலாம். 1976-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தினர் அந்த உயிரின் பாலிமரேஸைத் தனியே எடுத்து, அது 80 டிகிரியில் மிகச் சிறப்பாக இயங்குவதைக் காட்டினார்கள். ‘டாக்’ பாலிமரேஸ் என்று ஆய்வகங்களில் சொல்வது இதைத்தான்.

ஒரு புரதம் இவ்வளவு சூட்டை எப்படித் தாங்குகிறது? ஒற்றைக் காரணம் கிடையாது. டாக், ஈ.கோலை இரண்டின் பாலிமரேஸ்களும் அடிப்படை வடிவத்தில் ஒத்தவை. ஆனால் டாக்கின் உட்பகுதி, தண்ணீரை வெறுக்கும் அமினோ அமிலங்களால் இன்னும் இறுக்கமாக அடைபட்டிருக்கிறது. நேர், எதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பிணைப்புகளும் கூடுதல். ஒவ்வொன்றும் சிறிய பலம்தான், சேரும்போது மடிப்பு கலையாது. இந்த இறுக்கத்துக்கு விலை உண்டு. வேலை செய்ய நொதி கொஞ்சம் அசைந்து கொடுக்க வேண்டும். 70 டிகிரியில் நொடிக்கு அறுபது எழுத்துகள் கோக்கும் டாக், 37 டிகிரியில் ஒன்றிரண்டு மட்டுமே கோக்கும். குளிர்விரும்பிகளின் நொதிகள் இதற்கு நேர் எதிர். உறைநிலைக்கு அருகிலும் அசைய வேண்டும் என்பதற்காகத் தளர்வாகக் கட்டப்பட்டவை; அதனாலேயே சிறிது சூட்டிலும் குலைந்துவிடும்.

1988-இல் சீட்டஸ் குழு டாக்கைப் பயன்படுத்திய பி.சி.ஆர். கட்டுரையை வெளியிட்டது. 95 டிகிரியில் இந்த நொதியின் பலம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். சுற்றுக்கு 15 நொடி வீதம் நாற்பது சுற்று ஓட்டினாலும் அந்தச் சூட்டில் அது இருப்பது மொத்தம் பத்து நிமிடம். எனவே கடைசிச் சுற்றிலும் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நொதி உயிர்ப்போடு இருக்கும். தொடக்கத்தில் ஒருமுறை சேர்த்து மூடிவிட்டால் போதும். மீதியை, சூட்டை ஏற்றி இறக்கும் ஓர் இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இத்துடன் நின்றுவிடுகிறது. என் பார்வையில் இதைவிடப் பெரிய லாபம் வேறு. மனித மரபணுத் தொகுதியில் முந்நூறு கோடி எழுத்துகள் உண்டு. அதில் இருபது எழுத்துப் பிரைமர் தன் சரியான இடத்தில் மட்டுமே ஒட்ட வேண்டும். 37 டிகிரியில் அது நடக்காது. நான்கைந்து எழுத்து பொருந்தாத இடத்தில்கூட ஒட்டிக்கொண்டு நிற்கும். நொதியும் அங்கிருந்தே கோக்கத் தொடங்கிவிடும். ஈ.கோலை நொதியில் செய்த பி.சி.ஆரின் விளைபொருளில் பெரும்பகுதி இப்படித் தப்பிப் பெருகிய குப்பையாகவே இருந்தது. 60 டிகிரியில் அரைகுறைப் பொருத்தம் பிய்ந்துபோகும், சரியான பொருத்தம் மட்டுமே நிற்கும். அந்தச் சூட்டில் வேலை செய்யும் நொதி கையில் இருந்தால்தான் இந்தத் துல்லியம் கிடைக்கும். டாக் கொதியைத் தாங்கியது உழைப்பை மிச்சப்படுத்தியது. சூட்டில் வேலை செய்தது விடையை நம்பகமாக்கியது.

டாக் குறையற்றது அல்ல. தவறான எழுத்தைக் கோத்துவிட்டால் திரும்பிப் பார்த்துத் திருத்தும் உறுப்பு அதில் இயங்குவதில்லை. ஒரு கிருமி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க இது தடையில்லை. ஒரு மரபணுவைப் பிழையின்றி நகலெடுக்க வேண்டுமென்றால், இத்தாலியின் வல்கானோ தீவில் கிடைத்த, 100 டிகிரியில் வளரும் பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸின் திருத்தும் திறனுள்ள நொதியை நாடுவார்கள்.

டாக்கைத் தயாரிக்கும் விதமும் அதன் இயல்பையே பயன்படுத்துகிறது. இன்று யாரும் அதற்காக வெந்நீர் ஊற்றுக்குப் போவதில்லை. அதன் மரபணுவை ஈ.கோலைக்குள் வைத்து, 37 டிகிரியில் வளர்த்து, செல்களை உடைத்து, கலவையை 75 டிகிரியில் வைக்கிறார்கள். ஈ.கோலையின் புரதங்களில் பெரும்பாலானவை திரிந்து படியும். டாக் மட்டும் தெளிந்த நீரில் நிற்கும். ஆனால் ஈ.கோலையின் டிஎன்ஏ துளியளவு கூடவே வந்துவிடக்கூடும். எல்லாப் பாக்டீரியாக்களுக்கும் பொதுவான மரபணுவைத் தேடும் சோதனையில் இந்தத் துளியே பெருகி, நோயாளியிடம் இல்லாத பாக்டீரியாவை இருப்பதாகக் காட்டும்.

கொரோனா காலத்து ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனைகளில் பரவலாகப் பயன்பட்ட ஒரு வகைக் கலவையைப் பார்த்தால், சூடும் குளிரும் எப்படிக் கைகோக்கின்றன என்று புரியும். முதலில் குழாய் 25 டிகிரியில் இரண்டு நிமிடம், பிறகு 50 டிகிரியில் பதினைந்து நிமிடம், பிறகு 95 டிகிரியில் இரண்டு நிமிடம். அதன் பின்னரே சுற்றுகள். ஏன் இந்த வரிசை?

ஆய்வகத்தின் பெரிய எதிரி முந்தைய சோதனையின் விளைபொருள். முடிந்த குழாய் ஒன்று தவறித் திறந்தால், அதிலுள்ள கோடானுகோடி நகல்கள் காற்றில் கலந்து மறுநாள் சோதனையில் விழலாம். அதைத் தடுக்க, நகலெடுக்கும்போதே தைமின் என்ற எழுத்துக்குப் பதில் யுராசிலைக் கொடுத்துவிடுகிறார்கள். இயற்கையான டிஎன்ஏ-வில் யுராசிலுக்கு இடமில்லை. ஆகவே யுராசில் உள்ள டிஎன்ஏ என்றால் அது பழைய நகல்தான். அதை அடையாளம் கண்டு யுராசிலை வெட்டி எடுக்கும் யு.என்.ஜி. என்ற நொதி 25 டிகிரியில் வேலையை முடித்துவிடும். கொரோனா வைரசின் ஆர்.என்.ஏ.-விலும் யுராசில் இருக்கிறதே என்று கேட்கலாம். இந்த நொதி டிஎன்ஏ-வை மட்டுமே தொடும்.

அடுத்து 50 டிகிரியில், எலி வைரஸ் ஒன்றிலிருந்து எடுத்துச் சூடு தாங்கும்படி மாற்றிய இன்னொரு நொதி, வைரசின் ஆர்.என்.ஏ.-வை டிஎன்ஏ-வாக எழுதுகிறது. அந்தப் புதிய டிஎன்ஏ-விலும் யுராசில்தான். யு.என்.ஜி. உயிரோடு இருந்தால் நாம் தேடுவதையே தின்றுவிடும். ஈ.கோலையின் யு.என்.ஜி. இந்தச் சூட்டில் சாகாது. 95 டிகிரிக்குப் போன பிறகும் குளிர்ந்தால் ஓரளவு மீளும். எனவே குளிர்கடல் உயிர்களின் யு.என்.ஜி.-யைத் தேர்ந்தார்கள். 50 டிகிரியில் சில நிமிடங்களில் அது நிரந்தரமாகச் செயலிழக்கிறது. குளிர்விரும்பியின் பலவீனம் இங்கே தேவையான குணம். 95 டிகிரியில் எலி வைரசின் நொதியும் ஒழிய, களத்தில் டாக் மட்டும் மிஞ்சுகிறது.

இந்த ஏற்பாடு பழைய நகல்களை மட்டுமே அழிக்கும். ஒரு நோயாளியின் மாதிரி இன்னொருவருடையதில் சிந்தினால் அதைக் கண்டுபிடிக்காது. அதனால்தான் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரியே சேர்க்காத ஒரு குழாயை வைக்கிறார்கள். அதில் ஒளி தெரிந்தால் அந்தத் தொகுதியின் எந்த ‘பாசிட்டிவ்’ முடிவையும் அறிக்கையில் எழுதக் கூடாது. சோதனையைப் புதிதாகச் செய்ய வேண்டும்.