ஊறுகாய்ப் போத்தலை வீடியோ எடுக்க இரண்டு விளக்குகள்

நமது தோட்டங்களில் ஊறுகாய் போட்டு விற்கும் பெண்கள் குழுக்கள் இப்போது போனில் சின்ன வீடியோ எடுத்து அனுப்பித்தான் ஓடர் பிடிக்கின்றன. பகலில் கொழுந்து, வேலை முடிந்து வரும்போது இருட்டு. ஆகவே லயத்து அறையில் கூரை பல்ப் வெளிச்சத்திலேயே எடுக்கிறார்கள். ஒரு குழுவின் வீடியோவைப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர், "ஊறுகாய் கறுத்துப் போயிருக்கே, பழசா?" என்று கேட்டு ஓடரை நிறுத்திவிட்டார். ஊறுகாயோ போட்டு பத்து நாள்தான். குற்றம் வெளிச்சத்தில் இருந்தது. அதே எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தலை வைத்தே இதை விளங்கப்படுத்துகிறோம்.

கண்ணாடிப் போத்தல் வளைந்த பளபளப்பான பொருள். வெறும் பல்பைக் காட்டினால் அந்தப் பல்ப் சிறிய வெள்ளைப் புள்ளியாகக் கண்ணாடியில் தெரியும். அதைப் பார்த்து போன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், மற்ற இடமெல்லாம் கறுக்கும். பல்புக்கும் போத்தலுக்கும் நடுவே ட்ரேசிங் பேப்பர் வைத்தால் கண்ணாடியில் தெரிவது பல்ப் அல்ல, அந்தத் தாள்தான். புள்ளி போய், நீளமான மெல்லிய வெள்ளைக் கோடாக அழகாகத் தெரியும். பேக்கிங் பேப்பரும் போதும்.

தாளை பல்பின் மேலேயே ஒட்டிவிடக் கூடாது. ஒட்டினால் நடுவில் மட்டும் வெளிச்சம் விழும், பழைய புள்ளியே திரும்ப வரும். பல்பிலிருந்து ஒரு அடி தள்ளி, ஒன்றரை அடி அகலத் தாளைக் கயிற்றில் உடுப்புக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். தாள் முழுக்க ஒரே மாதிரி ஒளிர்கிறதா என்று பாருங்கள். பிறகு அது படத்தில் தெரியாத அளவுக்குப் போத்தலுக்குக் கிட்ட கொண்டு வாருங்கள். தாள் கிட்ட வர வர நிழலின் ஓரம் மென்மையாகும். எல்.ஈ.டி. பல்பையே பாவியுங்கள். பழைய இழை பல்ப் நெருப்பாகச் சுடும், தாள் பற்றிக்கொள்ளும்.

பின்னணிக்கு வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் பிரிஸ்டல் போர்ட் ஒன்று. அதை மடிக்காமல், மேல் ஓரத்தைச் சுவரில் ஒட்டி, கீழ்ப்பகுதி மேசையில் வளைந்து படுக்கும்படி விடுங்கள். மடித்தால் அந்தக் கோடு வீடியோவில் கத்தி மாதிரி தெரியும். போத்தலைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் வைத்தால் அதன் நிழல் பின்னணியில் விழாது.

முதல் விளக்கை போத்தலுக்கு இடது பக்கம், சற்று முன்னால், போத்தலை விட ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். லேபலை வாசிக்க வைப்பது இந்த விளக்கு. இரண்டாவதை முன்னால் வலது பக்கம் வைக்கத்தான் எல்லாருக்கும் கை போகும். ஊறுகாய்க்கு அது சரிவராது. முன்னாலிருந்து வரும் வெளிச்சம் கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பிவிடும், உள்ளே இருக்கும் எண்ணெயின் நிறம் தெரியாது. எண்ணெய்க்குள்ளே வெளிச்சம் ஊடுருவி வர வேண்டும். ஆகவே இரண்டாவது விளக்கை வலது பின்பக்கம், படத்துக்கு வெளியே, அதற்கும் ஒரு தாளோடு வையுங்கள். வைத்தவுடனே காய்த் துண்டுகளுக்கு நடுவே செம்மஞ்சள் நிறம் எழும்பும். லேபலின் வலது ஓரம் இருண்டிருந்தால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளை ரெஜிபோம் துண்டை நிறுத்துங்கள், முதல் விளக்கின் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வரும்.

பின் விளக்கு அதிகமாகி முன்பக்கம் இருண்டால் அதைத் தள்ளி வையுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் ஏறத்தாழ நாலில் ஒன்றாகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாலே போதும்.

இரண்டு பல்பும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். பெட்டியில் 6500K என்றிருந்தால் வெள்ளை, 3000K என்றிருந்தால் மஞ்சள். ஒன்று இது, ஒன்று அது என்றால் போத்தலின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் இருக்கும், போன் எதையும் சரிப்படுத்த முடியாது. கூரை பல்பையும் கட்டாயம் அணைத்துவிடுங்கள்.

சில வேளை வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவு பல்புகள் வினாடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். போனில் வேகத்தை மாற்ற வசதி இருந்தால் 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். அந்த வசதி இல்லாத போன் என்றால் வேறு பல்பை மாற்றிப் பார்ப்பதுதான் வழி. கடையில் வாங்கும்போதே பல்பை எரியவிட்டு போன் கெமராவில் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை.

எடுக்கத் தொடங்குமுன் திரையில் லேபலின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். பல போன்களில் வெளிச்ச அளவு அப்படியே பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் கரண்டியோடு கை உள்ளே வரும்போது படம் திடீரென்று இருண்டு பிறகு வெளுக்கும். எடுத்து முடித்ததும் போத்தலைத் திறந்து ஊறுகாயை ஒரு வெள்ளைத் தட்டில் போட்டு, பகல் வெளிச்சத்தில் வீடியோவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தட்டில் உள்ளதை விட வீடியோவில் சிவப்பு கூடியிருந்தாலும் அனுப்ப வேண்டாம், திரும்ப எடுங்கள். கறுப்பாகத் தெரிந்தால் ஓடர் வராது, சிவப்பாகத் தெரிந்தால் வந்த போத்தல் திரும்பி வரும்.