உங்கள் மாடியில் இப்போது என்ன செடி இருக்கிறது?

ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். மாடித்தோட்டம் போட்டிருப்பவர்கள் விதைகளைப் பகிர்ந்துகொள்ளும் பெரிய குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அழைப்பு லிங்க் ஊரெல்லாம் சுற்றுகிறது. ஒரு மோசடிப் பேர்வழி உள்ளே நுழைந்தால் குழுவில் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டார். உறுப்பினர்களின் எண்களை எடுத்துக்கொண்டு, பங்குச்சந்தையில் பணம் போடச் சொல்லித் தனித்தனியாகச் செய்தி அனுப்புவார். அப்புறம் அவரை நீக்கி என்ன பயன்? போன எண்கள் போனதுதான். சேர்க்கும் முன்பே விசாரித்தாக வேண்டும்.

அட்மின் ஒப்புதல் கொடுத்தால்தான் உள்ளே வரமுடியும் என்ற வசதி வாட்ஸ்அப்பில் 2023இல் வந்தது. லிங்க்கைத் தொடுபவர் காத்திருப்போர் பட்டியலில் நிற்பார். பேஸ்புக் குழுவில் சேர வருபவரிடம் மூன்று கேள்விகள் வரை கேட்கப் படிவம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அப்படி இல்லாததால், அட்மின் தனிச்செய்தியில்தான் கேட்க வேண்டும். இதில் ஒரு சிக்கல். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து "நீங்கள் யார், எந்த ஊர்?" என்று செய்தி வந்தால், விவரம் தெரிந்தவர் அதையே மோசடி என்று நினைத்துப் புகார் கொடுத்துவிடுவார். புகார்கள் சேர்ந்தால் அட்மினின் கணக்கே முடங்கலாம். ஆகவே லிங்க் பகிரும் இடத்திலேயே கேள்விகளையும் அட்மின் எண்ணையும் போட்டு, "லிங்க்கைத் தொட்ட பிறகு இந்தக் கேள்விகளுக்கான பதிலை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று எழுதுவது நல்லது. முதல் செய்தி அவரிடமிருந்து வரட்டும்.

கேள்விகள் மூன்று போதும்: எந்த ஊர்? லிங்க் யார் மூலம் கிடைத்தது? உங்கள் மாடியில் இப்போது என்ன செடி இருக்கிறது, அது எப்படி இருக்கிறது?

உண்மையில் சலிக்கும் சல்லடை மூன்றாவதுதான். "குழு விதிகளை ஏற்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள். "தோட்டத்தில் ஆர்வம் உண்டா?" என்றாலும் அதே கதைதான். செடியைப் பற்றிக் கேட்டால் தோட்டக்காரர் யோசிக்கவே வேண்டாம். "கத்தரி வச்சிருக்கேன், பூ வருது, காய் பிடிக்கல" என்று வரும். அந்தக் குறைதான் அடையாளம். செடி வைத்தவருக்குக் குறை இல்லாமல் இருக்காது. மற்றவர் "எனக்கு இயற்கை விவசாயத்தில் மிகுந்த ஈடுபாடு உண்டு" என்று எந்தக் குழுவுக்கும் பொருந்துகிற வரியை அனுப்புவார்.

ஆனால் இந்தச் சல்லடையில் நல்லவர்களும் சிக்குவார்கள். ஒருவர் "இன்னும் ஒண்ணும் வைக்கல, ரெண்டு பை மட்டும் வாங்கியிருக்கேன்" என்று எழுதினால் அவரைத் தாராளமாகச் சேர்க்கலாம்; குழு இருப்பதே அவருக்காகத்தான். தட்டச்சு வராத பெரியவர் குரல்செய்தி அனுப்பினால் அதுவும் பதில்தான். "வெண்டை" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டவரைத் தள்ளிவிடாமல், இன்னொரு கேள்வி கேட்பதே என் கட்சி: "வணக்கம், மாடித்தோட்டக் குழுவில் சேரக் கேட்டிருந்தீர்கள். வெண்டை எந்த மாதம் விதைத்தீர்கள்? இலையில் ஏதாவது பூச்சி தெரிகிறதா?" இதற்குப் பதில் தெரிந்துவிடும். ஆதார், பிறந்த தேதி, வீட்டு முகவரி எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் மோசடிக்காரர் கேட்பதைத் தருவதற்கு நம் உறுப்பினர்களை நாமே பழக்கிவிடுகிறோம்.

ஒப்புதல் சொல்லும்போது வரவேற்போடு ஓர் எச்சரிக்கையும் போக வேண்டும்: "சேர்த்துவிட்டோம், வாருங்கள். உங்கள் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியும். குழுவின் பெயரைச் சொல்லி யாராவது தனியாகப் பணமோ ஓடிபியோ கேட்டால் கொடுக்காதீர்கள். உடனே எனக்குச் சொல்லுங்கள்." புதிதாக வந்தவர் கவனமாகப் படிக்கிற செய்தி அநேகமாக இது ஒன்றுதான். குழு விதிகளை நீளமாக ஒட்டினால் இந்த வரி அதில் மூழ்கிவிடும்.

மறுப்புச் செய்தி இன்னும் சுருக்கமாக இருக்கட்டும்: "இப்போது சேர்க்க இயலவில்லை. செடி வைத்த பிறகு மறுபடி கேளுங்கள், பார்க்கிறோம்." எந்தப் பதிலால் சந்தேகம் வந்தது என்று சொல்லிவிட்டால், அடுத்த எண்ணிலிருந்து திருத்திய பதில் வரும். அதற்காக "நீங்கள் போலி" என்று எழுதவும் கூடாது. பத்தில் ஒருவர் அப்பாவியாக இருந்தாலும் அது தீராத அவமானம்.

இரண்டாவது கேள்வியை ஏன் கேட்கிறோம் என்பது ஒருநாள் திடீரென்று விளங்கும். வழக்கமாகத் தோழி, பக்கத்து வீட்டு அக்கா, நாற்றுப் பண்ணை என்று பதில் வரும். ஒரே இரவில் நிறையப் பேர் வரிசையில் நின்று, எல்லாரும் "ஒரு குழுவில் பார்த்தேன்" என்றால், லிங்க் எங்கோ வேண்டாத இடத்தில் போடப்பட்டிருக்கிறது. அப்போது ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். லிங்க்கை மாற்றிவிட்டால் பழையது செல்லாது. காத்திருப்பவர்களில் செடியைப் பற்றி எழுதியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, புது லிங்க்கைத் தெரிந்தவர்கள் வழியாக மறுபடி அனுப்பலாம்.