தாத்தாவின் கத்தரி நடக்கிறது

இறந்துபோன தாத்தாவின் தையல் சாமான்களுக்குப் பேத்தி உயிர் கொடுக்கிறாள்; அதில் அவர் முடிக்காமல் விட்டுப்போன கனவு தெரியவருகிறது. நான் எழுதிக்கொண்டிருக்கும் சிறுகதையின் கரு இதுதான். கத்தரி வாய் திறந்து பேசினால் கதை கெட்டுவிடும். அதனால் அந்தப் பெண்ணிடம் ஒரு செல்போனையும் ஸ்டாண்டையும் கொடுத்து, ஸ்டாப் மோஷன் படம் எடுக்க விட்டிருக்கிறேன்.

பொருளைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்து வரிசையாக ஓட்டினால், அது தானே நகர்வதுபோலத் தெரியும். சினிமா தோன்றிய சில ஆண்டுகளிலேயே வந்த வித்தை இது. செகுந்தோ தெ சோமோன் என்ற ஸ்பானியர் 1908-இல் எடுத்த ‘மின்சார ஹோட்டல்’ படத்தில், பிரஷ் ஆள் இல்லாமலே ஷூவுக்குப் பாலிஷ் போடும்.

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடும். வீட்டில் எடுப்பவர்களுக்கு 12 போதும். தாத்தாவின் இரும்புக் கத்தரி இரண்டு விநாடியில் மேஜையைக் கடக்க வேண்டுமென்றால், அதை 24 தடவை நகர்த்த வேண்டும். எல்லாத் தடவையும் ஒரே அளவு நகர்த்தினால் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல இருக்கும். அதனால் அவள் முதல் நான்கு நகர்வுகளை 2, 4, 6, 8 மில்லிமீட்டர் என்று கூட்டுகிறாள். நடுவில் பதினாறு தடவை 12 மில்லிமீட்டர். கடைசி நான்கில் அதேபோலக் குறைத்துக்கொண்டே வருகிறாள். அளவுக்குத் தாத்தாவின் இஞ்ச் டேப்தான். அதன் மறுபக்கம் சென்டிமீட்டர். மொத்தம் 23 சென்டிமீட்டர் சொச்சம். இப்போது கத்தரி தயங்கிக் கிளம்புகிறது, வேகமெடுக்கிறது, நிதானித்து நிற்கிறது. கனமான பொருள் என்று கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் எடுத்தது வீணாய்ப் போகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்ததால், மேகம் வந்து போனதெல்லாம் சேர்ந்து படம் மினுக்மினுக்கென்று அடிக்கிறது. ஜன்னலை மூடி, ஒரே ஒரு மேஜை விளக்கைப் போட்டு, போனில் வெளிச்சமும் ஃபோகஸும் தானாக மாறாதபடி பூட்டிவைக்கிறாள். வெள்ளைச் சட்டையையும் மாற்றிக்கொள்கிறாள். அவள் குனியும்போதெல்லாம் சட்டையின் வெளிச்சம் கத்தரியில் விழுந்துகொண்டிருந்தது. நூல் நிற்க மாட்டேன் என்கிறது, அதற்கு உள்ளே மெல்லிய செம்புக் கம்பி வைத்துச் சுற்ற வேண்டும்.

பாபின்கள் உருண்டுபோக ஒரு பாதை வேண்டும் என்று மிஷின் டிராயரைக் குடையும்போதுதான் அந்தச் சுருள் கிடைக்கிறது. சட்டைக் காலரில் தைக்கும் கடை லேபிள், சுருள் சுருளாக. தாத்தாவின் பெயரைப் போட்டு ‘டெய்லர்ஸ்’. கீழே ஊர்ப் பெயர். ஆனால் தாத்தாவுக்குக் கடையே கிடையாது. கடைசிவரை இன்னொருவர் கடையில் கட்டிங் மாஸ்டர். நெய்த லேபிளை அப்போதெல்லாம் பத்து, இருபது என்று வாங்க முடியாது, மொத்தமாகத்தான் அடித்துத் தருவார்கள். அப்படியென்றால் பணம் கட்டும் அளவுக்கு அவர் முடிவுசெய்திருக்கிறார்.

பரண்மேல் துணி மூட்டைக்குள் ஒரு கோட். முகப்பில் மாட்டிவைக்கத் தைத்த மாதிரி போலிருக்கிறது. உடம்பில் கேன்வாஸ் வைத்து, வெள்ளை நூலில் நீள நீளமாகத் தற்காலிகத் தையல் போட்டிருக்கிறது. கைகள் தனியாகக் கிடக்கின்றன. லேபிள் மட்டும் அதற்குள் ஏறிவிட்டது. எனக்குக் கதை இந்த இடத்தில்தான் இருக்கிறது: வேலை முடிந்தபின் தைக்க வேண்டியதை மனிதர் முதலில் தைத்திருக்கிறார்.

கோட் தானே தைத்துக்கொள்வதுபோல எடுக்க அவளுக்கு ஆசை. அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. போட்ட தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே படமெடுத்து, பின்னாலிருந்து முன்னாக ஓட்டினால் நூல் தானே துணிக்குள் ஏறும். ஆனால் பிரித்தால் போச்சு, தாத்தா கைபட்ட நூல் திரும்ப வராது. பாட்டி, “அதுல கை வைக்காதடி” என்கிறாள்.

தாத்தாவோடு வேலைபார்த்த பெரியவரிடம் கொண்டுபோகிறாள். அவர் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

“வெள்ளை நூலு பிரிக்கறதுக்குத்தான் பாப்பா போடறது. கோட்டு முடிஞ்சா உங்க தாத்தாவே உருவிப் போட்டிருப்பாரு. இப்பப் பிரிச்சா கேன்வாஸ் நழுவிரும். மொதல்ல கையை ஏத்து.”

கை ஏற்றுவதுதான் கோட்டிலேயே சிரமமான வேலை. கையின் மேல்வளைவு அக்குள் வட்டத்தைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதலைச் சுருக்கம் தெரியாமல் உள்ளே அடக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் புடைத்துக்கொள்ளும். அவளுக்குப் பட்டன் தைக்கத்தான் தெரியும். படத்தை நிறுத்திவிட்டு, பழைய போர்வையை வெட்டி, சாயங்காலங்களில் பெரியவர் வீட்டுத் திண்ணையில் கை ஏற்றிப் பழகுகிறாள். இதுவரை தைத்த தோள்கள் எல்லாம் புடைத்தே இருக்கின்றன.