உலைத் துளையும் திருவாதிரையும்

நெய்வேலி அனல்மின் நிலையங்களில் பழுப்பு நிலக்கரியை எரிக்கும் கொதிகலன்களின் சுவரில், உள்ளே சுடர் எரியும் நிலையைப் பார்ப்பதற்கெனச் சிறு துளைகள் விடப்பட்டிருக்கும். அத்தகைய துளைக்குள் வெளியிலிருந்து நுழையும் ஒளி சுவரில் பட்டுப் பட்டுத் தெறித்து உட்கவரப்பட்டுவிடுவதால், மீண்டு வெளியே வருவது மிகவும் அரிது. இவ்வாறு தன்மீது விழும் கதிர் அனைத்தையும் உட்கவரும் பொருளை இயற்பியலார் கரும்பொருள் என்பர். அது வெளிவிடும் கதிர் எந்த அலைநீளத்தில் எவ்வளவு இருக்கும் என்பதை அதன் வெப்பநிலை ஒன்றே தீர்மானிக்கிறது; செங்கல்லா இரும்பா என்ற வேறுபாடு அங்கே இல்லை. உலைக்குள் சுடரும் குழாய்ச் சுவரும் ஒரே வெப்பநிலையில் இராததால், அதன் துளை தோராயமான கரும்பொருளே ஆகும்.

வெப்பநிலை ஏற ஏற, கதிர்வீச்சு உச்சம் அடையும் அலைநீளம் குறைந்துகொண்டே போகும் என்பதை ஜெர்மனியின் வில்ஹெல்ம் வீன் 1893-இல் நிறுவினார். இந்த இடப்பெயர்ச்சி விதியின்படி, உச்ச அலைநீளத்தை மைக்ரோமீட்டரிலும் வெப்பநிலையைக் கெல்வினிலும் கொண்டு பெருக்கினால் எப்போதும் ஏறத்தாழ 2,898 கிடைக்கும். உலை 1,500 கெல்வினில் இருப்பதாகக் கொண்டால், 2,898-ஐ 1,500-ஆல் வகுக்க 1.93 மைக்ரோமீட்டர் வருகிறது. அது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புப் பகுதி. துளையில் தெரியும் செம்மஞ்சள், உச்சத்தின் நிறமன்று; கதிர்வீச்சு வரைகோட்டின் குற்றலைப் பக்கத்து ஓரம் மட்டுமே கண்ணுக்கு எட்டுவதால் தோன்றும் நிறம். பலரும் பிழைபடுவது இங்கேதான்.

இதே கணக்கை மார்கழி மாலையில் கீழ்வானில் எழும் ஓரியன் தொகுதிக்குப் பொருத்தலாம். செந்நிறத் திருவாதிரையின் உச்சம் சுமார் 0.8 மைக்ரோமீட்டர் எனில், அதன் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 3,600 கெல்வின். அத்தொகுதியிலேயே நீலவெண்மையாய் ஒளிரும் ரிகலின் வெப்பநிலை சுமார் 12,000 கெல்வின் என்பதால், அதன் உச்சம் 0.24 மைக்ரோமீட்டரில், புறஊதாவில் அமைகிறது. அந்தக் கதிரை வளிமண்டல ஓசோன் தடுத்துவிடுவதால், காவலூர் வைனு பாப்பு வானாய்வகம் போன்ற தரைநிலைத் தொலைநோக்கிகளால் அவ்வுச்சத்தைக் காண இயலாது. ஆதலால் நீல வடிகட்டி வழியாகவும் மஞ்சள்பச்சை வடிகட்டி வழியாகவும் விண்மீனின் ஒளியைத் தனித்தனியே அளந்து, அவற்றின் விகிதம் எந்த வெப்பநிலையின் வரைகோட்டோடு பொருந்துகிறது என்று பார்ப்பதே நடைமுறை.

இம்முறையிலும் இரண்டு இடர்கள் உண்டு. திருவாதிரை போன்ற குளிர்ந்த விண்மீன்களில் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் ஒளியின் சில பட்டைகளை விழுங்கி வரைகோட்டைச் சிதைக்கின்றன. மற்றது, விண்மீன்களுக்கு இடையிலான தூசி: அது நீல ஒளியையே மிகுதியாகச் சிதறடிப்பதால், வெப்பம் மிகுந்த விண்மீனும் சிவந்து, குளிர்ந்ததுபோல் தோன்றும். இதைக் கண்டறிய நிறமாலையின் கருங்கோடுகள் உதவுகின்றன. நிறத்தைத் தூசி மாற்றினாலும், விண்மீனின் வளிமண்டலத்தில் உருவாகும் அக்கோடுகளின் அமைப்பை அதனால் மாற்ற முடியாது. மிகுந்த வெப்பத்தில் மட்டுமே தோன்றும் ஹீலியக் கோடுகள் ஒரு சிவந்த விண்மீனில் காணப்பட்டால், அதன் நிறத்தை மட்டும் கொண்டு கணித்த வெப்பநிலையைத் தூசியின் விளைவை நீக்காமல் ஏற்கலாகாது.