சிகிச்சைக்கு வசூல்: கணக்கை எப்படி எழுதுவது?

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. மில் சூப்பர்வைசர் ஒருவருக்கு பைபாஸ் செய்தாக வேண்டும், எஸ்டிமேட் மூன்றரை லட்சம். வருமான வரம்பைத் தாண்டிவிட்டதால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லை. குடும்பத்தால் புரட்ட முடிந்தது 90,000 ரூபாய். மீதிக்கு அவருடைய மச்சான் பள்ளி நண்பர்களிடமும், மில்லிலும், தெருவிலும் கேட்கப் போகிறார். இது உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்ட குடும்பம், தொகைகளும் அப்படித்தான். ஆனால் சிக்கல் எல்லாம் எந்த வசூலிலும் வருவதுதான்.

முதல் கேள்வி, பணம் யார் கணக்கில் விழ வேண்டும்? அவசரத்தில் மச்சான் தன் ஜிபே நம்பரையே போட்டுவிடுவார். அந்தக் கணக்கில் அவர் சம்பளம், வீட்டு இ.எம்.ஐ., மளிகைச் செலவு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் கழித்து எது யாருடைய பணம் என்று அவருக்கே தெரியாது. நோயாளியின் பெயரிலோ அவர் மனைவியின் பெயரிலோ உள்ள, அதிகம் புழங்காத ஒரு கணக்கை இதற்கென்று ஒதுக்குவது நல்லது. அதில் முன்பே இருக்கும் பணத்தை முதல் நாளே எடுத்துப் பூஜ்யமாக்கிவிட்டால் பாஸ்புக்கே பாதிக் கணக்கை எழுதிவிடும். ஒன்றை மட்டும் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். முழு கே.ஒய்.சி. ஆவணம் கொடுக்காமல் திறந்த ‘சிறு கணக்கு’ என்றால், ஆண்டுக்கு மொத்த வரவு ஒரு லட்சத்தையும் இருப்பு 50,000 ரூபாயையும் தாண்டக் கூடாது. வசூல் சூடுபிடிக்கும் நேரத்தில் கணக்கு முடங்கும்.

அடுத்தது நோட்டு. நம் ஊரில் மொய் எழுதத் தெரியாதவர் இல்லை: பெயர், ஊர், தொகை. சிகிச்சைப் பணத்துக்கு அந்த மூன்று கட்டம் போதாது. இன்னும் மூன்று வேண்டும். ஒன்று, தேதியும் பணம் வந்த வழியும். இரண்டாவது, வங்கி ஸ்டேட்மென்ட்டில் தெரியும் பெயரும் 12 இலக்க யூ.பி.ஐ. எண்ணும். நண்பர் அனுப்பியதாகச் சொல்லும் 2,000 ரூபாய் அவர் மனைவியின் பெயரிலோ கடைப் பெயரிலோதான் வந்து விழும், அதனால் இந்தக் கட்டம் தவிர்க்க முடியாதது. மூன்றாவது கட்டம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். கொடுத்தது உதவியா, கைமாற்றா?

‘இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்’ என்று சொல்லிக் கொடுக்கும் பணம்தான் பின்னால் உறவை முறிக்கிறது. வாங்கியவர் உதவி என்று நினைத்திருப்பார், கொடுத்தவர் மகள் கல்யாணத்துக்குத் திரும்ப வரும் என்று நினைத்திருப்பார். கூச்சப்படாமல் அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். ‘அண்ணே, இதைக் கைமாத்துன்னு எழுதிக்கவா?’ என்ற ஒரு வரி போதும். கைமாற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கி, எப்போது திருப்புவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

நோட்டில் பதிவதற்கு ஒரு கறாரான விதி உண்டு. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து வரவு எழுதக் கூடாது, ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ரொக்கத்துக்குச் சின்ன ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். வாங்கிய ரொக்கத்தை நேரே மருந்துக்குக் கொடுக்காமல் முதலில் கணக்கில் கட்டி, செலவை அங்கிருந்து செய்தால் குழப்பமே வராது. நள்ளிரவில் மருந்து வாங்கும் கட்டாயம் வந்தால் அது வேறு, பில்லின் பின்னால் எழுதி வைத்தால் போதும்.

தினமும் இரவு சரிபார்க்க வேண்டியது ஒரே கூட்டல்தான். வங்கி இருப்பும் கையிருப்பும் சேர்ந்தால், நோட்டின் வரவிலிருந்து செலவைக் கழித்த தொகை வர வேண்டும். மூன்றாம் நாள் 2,000 ரூபாய் இடிக்கிறது என்று வையுங்கள். நோட்டில் அதிகமாக இருந்தால், ஒரே பணத்தை ஸ்கிரீன்ஷாட் பார்த்து ஒரு முறை, கடைப் பெயரில் ஒரு முறை எழுதியிருப்பார்கள், அல்லது ‘பெண்டிங்’கில் நின்று திரும்பிப்போன பணத்தை வரவு வைத்திருப்பார்கள். வங்கியில் அதிகமாக இருந்தால், வசூலுக்கென்று வைத்த குரூப்பில் இல்லாத யாரோ சொல்லாமல் அனுப்பியிருப்பார். அன்றைக்கே தேடினால் பத்து நிமிட வேலை. டிஸ்சார்ஜ் அன்று தேடினால் ஆளே அகப்படமாட்டார்.

இனி நம் குடும்பத்தின் கடைசிக் கணக்கைப் பார்ப்போம். யூ.பி.ஐ.யிலும் வங்கி வழியாகவும் வந்த உதவி 1,84,500. ரொக்க உதவி 41,000. ஒரு நண்பர் நோயாளியின் ஐ.பி. நம்பரைச் சொல்லி மருத்துவமனையிலேயே நேராகக் கட்டியது 20,000. குடும்பப் பணம் 90,000. ஆக 3,35,500. இதைத் தவிர ஒருவர் தந்த கைமாற்று 25,000. செலவில் மருத்துவமனையின் இறுதி பில் 3,12,400, வெளியில் வாங்கிய மருந்தும் ஸ்கேனும் 14,600, ஆம்புலன்ஸ் 4,500. மொத்தம் 3,31,500. கைமாற்றைத் திருப்பிக் கொடுத்த பின் மிச்சம் 4,000 ரூபாய்.

இந்தக் கணக்கில் ஆஸ்பத்திரியில் உடனிருந்தவர்களின் சாப்பாட்டுச் செலவு இல்லை. அதைக் குடும்பம் தன் கையிலிருந்தே பார்த்துக்கொண்டது. கட்டாயம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கேட்கும்போதே ‘தங்கல், சாப்பாடும் சேர்த்து’ என்று சொல்லியிருந்தால் எழுதலாம். சொல்லாமல் எழுதினால் 600 ரூபாய் பிரியாணி பில் மூன்று லட்சத்தின் பெயரைக் கெடுத்துவிடும்.

டிஸ்சார்ஜ் அன்று இரண்டு பணம் நழுவும். பயன்படுத்தாத மருந்தைத் திருப்பியதற்குக் கழிக்க வேண்டிய தொகை ஒன்று, பில்லைவிட அதிகமாகக் கட்டிய அட்வான்ஸ் இன்னொன்று. மருந்து ரிட்டர்ன் பில்லைக் கேட்டு வாங்குங்கள். கட்டிய அட்வான்ஸ் ரசீதுகள் எல்லாமே, நண்பர் நேராகக் கட்டிய 20,000 உட்பட, இறுதி பில்லில் கழிக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக டிக் போட்டுப் பாருங்கள். திருப்பித் தரும் தொகை அந்தத் தனிக் கணக்குக்கே வர வேண்டும்.

குரூப்பில் கணக்குப் போடும்போது ஸ்டேட்மென்ட்டை அப்படியே படமெடுத்துப் போடாதீர்கள். 200 ரூபாய் தந்தவரையும் 20,000 தந்தவரையும் அது பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடும். வரிசை எண், தேதி, தொகை, யூ.பி.ஐ. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் போதும். கொடுத்தவர் தன் வரியைத் தானே கண்டுபிடித்துக்கொள்வார். ரொக்கம் தந்தவருக்கு ரசீது எண். பெயரோடு கூடிய முழு நோட்டை, வசூலித்தவர் அல்லாத இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

வருமான வரியையும் மறந்துவிடக் கூடாது. கணவன், மனைவி, பெற்றோர், உடன்பிறந்தவர் போன்ற நெருங்கிய உறவினர் தரும் பணத்துக்கு வரி இல்லை. நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் தருவது ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையையும் வாங்கியவரின் வருமானமாகச் சட்டம் பார்க்கும். மச்சான் தன் கணக்கில் வாங்கியிருந்தால் அந்தக் கேள்வி அவரிடம்தான் வரும். நோட்டு, ஸ்டேட்மென்ட், பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு ஆடிட்டரிடம் காட்டிவிடுவது நல்லது. தந்தவர்களுக்கும் ஒரு செய்தி: தனிநபர் சிகிச்சைக்குத் தரும் உதவிக்கு 80ஜி வரிச் சலுகை கிடையாது.

மிச்சமான 4,000 ரூபாயை என்ன செய்வது? கேட்ட முதல் நாளே ‘மிஞ்சினால் ஆறு மாத மருந்துக்கும் மறு பரிசோதனைக்கும்’ என்று போட்டிருந்தால் பதில் தயார். போடவில்லை என்றால் குரூப்பில் கேட்டுவிட்டுச் செலவழியுங்கள். கடைசிக் கணக்கைப் போட்ட கையோடு, ‘வசூல் முடிந்தது, இனி யாரும் அனுப்ப வேண்டாம்’ என்று தேதியுடன் ஒரு செய்தியையும் போடுங்கள். க்யூஆர் உள்ள பழைய போஸ்டர் ஃபார்வர்டாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குப் பிறகு வரும் பணத்தை அனுப்பியவருக்கே திருப்பிவிடுங்கள்.