ஒன்பதடி அறை ஹால் போலத் தெரிவது எப்படி?

நங்கநல்லூரில் வாடகைக்கு ஒரு இரண்டு பெட்ரூம் வீடு. தோஹாவிலிருந்து திரும்பப் போகும் அக்கா குடும்பத்துக்காகத் தம்பி அதைச் செல்போனில் படமெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் 0.5x என்று தெரிவதைத் தொட்டதுமே குட்டி பெட்ரூம் ஹால் போல விரிகிறது. நான்கு சுவரும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. வீட்டுத் தரகர்களுக்குப் பிடித்த லென்ஸ் இதுதான். எதிர்ச் சுவரைத் தூரத் தள்ளிக் காட்டும். ஓரத்தில் நிற்கும் பீரோவை இழுத்து அகலமாக்கும்.

அதற்காக அதை ஒதுக்கிவிடவும் முடியாது. பின்னால் நகர இடமில்லாத பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் அதுதான் சரி. மற்ற அறைகளை 1x-இல் எடுத்தால், வாசல் மூலையில் முதுகை ஒட்டி நின்றாலே பெரும்பகுதி அடங்கிவிடும். எதை எடுத்தாலும் போன் படுக்கைவாட்டில் இருக்கட்டும். ஓர் அறைக்குள் லென்ஸை மாற்றினால் படம் குதிக்கும். பார்ப்பவருக்கு அளவு குழம்பிவிடும்.

லென்ஸ் சொல்லும் பொய்யை வாய்தான் திருத்த வேண்டும். டேப்பால் முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு, தம்பி இப்படிச் சொல்லலாம்: "அக்கா, இது உள் பெட்ரூம். வாசல்ல இருந்து ஜன்னல் வரைக்கும் பத்தடி, குறுக்கே ஒன்பதடி. ஜன்னல் கிழக்கு பார்த்து இருக்கு. கதவுக்குப் பின்னாடி ஒரே ஒரு ப்ளக் பாயின்ட்."

அந்த 'ஒன்பதடி'யில்தான் விஷயம். ஆறரை அடி நீளக் கட்டிலின் தலைமாட்டைப் பக்கச் சுவரோடு சேர்த்தால் மிச்சம் இரண்டரை அடி. எதிரே ஒன்றரை அடி ஆழ பீரோவை வைத்தால் இடைவெளி ஓரடிதான். ஒன்றரை அடி அகல பீரோ கதவு முழுதாகத் திறக்காது. வீடியோவை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் இது கண்ணில் படாது. பேசும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் இரைச்சல் குரலை விழுங்கிவிடும்.

நடையில் ஆட்டம் வருவது பெரும்பாலும் முழங்காலிலிருந்து. காலை விறைப்பாக ஊன்றினால் ஒவ்வோர் அடிக்கும் படம் எகிறும். முழங்காலைச் சற்றே மடக்கி, குதிகாலை முதலில் பதித்து, சிற்றடியாக நகர வேண்டும். இரு கையாலும் போனைப் பிடித்து முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டால் பாதி ஆட்டம் போய்விடும். வாசற்படியில் இரண்டு மூன்று விநாடி நின்று, பிறகு உடம்போடு மெதுவாகத் திரும்புவது நல்லது. மணிக்கட்டை மட்டும் திருப்பினால் படம் வெடுக்கென்று ஓடும்.

ஜன்னல் பக்கம் திரும்பியதும் அறை இருண்டுவிடுவது இன்னொரு தொல்லை. வெளிவெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா தன்னைக் குறைத்துக்கொள்வதே காரணம். பதிவைத் தொடங்குமுன் திரையில் உள்சுவரை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். ஜன்னல் வெளுத்துப் போகும், போகட்டும், அறை தெரியும்.

பாத்ரூமில் பேச்சை நிறுத்தி, குழாயைத் திறந்து அரை நிமிடம் ஓடவிட்டு எடுத்தால் தண்ணீரின் வேகமும் நிறமும் தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் சுருங்கி, சுவரின் ஈரக்கறை மங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் எடுத்தபடியே தோஹா போய்ச் சேரும்.