சாய்க்கப் போனால் திரும்பும் சக்கரம்

சைக்கிள் கடைப் பெரியவர் முன்சக்கரத்தைக் கழற்றிக் கோட்டம் எடுத்து முடித்திருந்தார். ஆறாம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகளின் சைக்கிள் அது. ரிம் நேராக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக அவர் சக்கரத்தைச் சுற்றிவிட, "தாத்தா, நான் பிடிச்சுக்கறேன்" என்று கேட்டு வாங்கினாள். ஆக்சிலின் இரண்டு முனைகளையும் இரு கைகளால் பிடித்து, சக்கரத்தை நெஞ்சுக்கு முன்னால் செங்குத்தாக நிறுத்திக்கொண்டாள். பெரியவர் டயரின் மேற்பக்கத்தை அவளுக்கு எதிர்த்திசையில் நாலைந்து முறை வேகமாகத் தள்ளிவிட்டார்.

சுற்றும் சக்கரத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்கலாம் என்று வலது கையை உயர்த்தி இடது கையைத் தாழ்த்தினாள். சக்கரம் சொன்னபடி கேட்கவில்லை. கைகளிலிருந்து நழுவப் பார்த்தது.

"மாமா, இது சாய மாட்டேங்குது!"

யார் செய்தாலும் முதலில் இதைத்தான் சொல்வோம். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை; நின்ற சக்கரத்தை ஒரு முறை சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். எந்தப் பக்கம் சாய்த்தாலும் தடையில்லாமல் வந்தது. எடை காரணமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாகச் சுற்றவிட்டாள், லேசான முரண்டுதான். வேகமாகச் சுற்றவிட்டால் முரண்டும் கூடியது.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் முக்கியம். சக்கரம் தன் கையை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கவனிக்க ஆரம்பித்தாள். வலது கையை உயர்த்தும்போது அந்தக் கை முன்னோக்கித் தள்ளப்பட்டது. இடது கை நெஞ்சை நோக்கி வந்தது. அதாவது சக்கரம் இடப்பக்கம் திரும்பியது. சுழற்சியை எதிர்த்திசையில் மாற்றி அதே போல் சாய்த்தாள். இப்போது வலப்பக்கம் திரும்பியது.

"அப்ப இது சாய மாட்டேன்னு சொல்லல மாமா. சாயறதுக்குப் பதிலா திரும்புது."

சுழலும் சக்கரம் சாய்வதை எதிர்க்கிறது என்று பல புத்தகங்களில் ஒரே வரியில் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அவள் கண்டதுதான் சரியான விவரிப்பு. நாம் தரும் தள்ளலைச் சக்கரம் வாங்கிக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் விளைவு வேறொரு திசையில் வெளிப்படுகிறது. ஏன் அப்படி?

பெரியவரின் டப்பாவிலிருந்து ஒரு இரும்பு பால்ஸை எடுத்து, சிமென்ட் தரையில் நேராக உருட்டச் சொன்னேன். உருண்டு போகிறபோது அதைப் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினாள். அது நேர்ப்பாதையிலிருந்து விலகிச் சாய்ந்த பாதையில் ஓடியது. முன்னோக்கி ஓடும் வேகம் அதற்கு ஏற்கெனவே இருக்கிறது. தட்டியதால் கிடைத்த பக்கவாட்டு வேகம் அதோடு சேர்ந்துகொள்ள, பாதை மட்டும் வளைகிறது. பால்ஸை வேகமாக உருட்டிவிட்டு அதே அளவு தட்டினால் பாதை குறைவாகத்தான் வளையும்.

இனி சக்கரத்தைப் பார்ப்போம். அவள் வலது கையை உயர்த்தியபோது, டயரின் உச்சியில் இருக்கும் பகுதியை இடப்பக்கம் தள்ளுகிறாள். அடியில் இருக்கும் பகுதியை வலப்பக்கம் தள்ளுகிறாள். உச்சிப் பகுதி அந்த நொடியில் அவளை விட்டு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. இடப்பக்கத் தள்ளல் சேர்ந்ததும் அதன் பாதை முன்-இடமாக வளைகிறது. அடிப்பகுதி அவளை நோக்கிப் பின்னால் ஓடுகிறது. அதன் பாதை பின்-வலமாக வளைகிறது. உச்சி முன்-இடமாகவும் அடி பின்-வலமாகவும் ஓட வேண்டுமென்றால் சக்கரம் முழுவதும் இடப்பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். அவள் கையில் உணர்ந்தது இதைத்தான். டயர் வேகமாக ஓடினால் அதே தள்ளலுக்குப் பாதை குறைவாக வளைவதால், வேகமான சக்கரம் அசையாத பிடிவாதத்தோடு இருப்பதாகத் தோன்றுகிறது.

எவ்வளவு விசை என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். ரிம், டியூப், டயர் மூன்றும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ, ஆரம் 30 செ.மீ., நொடிக்கு மூன்று சுற்று என்று வைத்துக்கொள்வோம். டயர் ஏறத்தாழ மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. இந்தச் சக்கரத்தை ஒரே நொடியில் கால்வட்டம் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டுமானால், 12 செ.மீ. இடைவெளியில் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஒவ்வொரு கையும் மூன்று கிலோவைத் தூக்கும் அளவு பலத்தைச் செலுத்த வேண்டும். அந்தப் பலமும் சாய்க்கும் திசையில் தேவைப்படுவதில்லை. சக்கரம் பக்கவாட்டில் திரும்பிவிடாமல் தடுப்பதற்குத்தான் தேவைப்படுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் மணிக்கட்டு இதை எதிர்பார்ப்பதில்லை.

அப்படியென்றால் திரும்ப விடாமல் தடுத்துவிட்டால் சக்கரம் சாய்ந்துவிடுமா? சாய்ந்துவிடும். சக்கரத்தைச் சைக்கிளில் மாட்டி, முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, முன்னோக்கிப் போகும் திசையில் சுற்றிவிட்டுப் பார்த்தோம். சைக்கிளை இடப்பக்கம் சாய்த்ததும் ஹேண்டில் தானாக இடப்பக்கம் திரும்பியது. ஹேண்டிலைத் திரும்பாமல் இறுகப் பிடித்துக்கொண்டு சாய்த்தால், சுற்றாத சக்கரம் போலவே சுலபமாகச் சாய்ந்தது. முரண்டெல்லாம் ஹேண்டிலைப் பிடித்த கையில் அழுத்தமாக வந்து சேர்ந்தது. சக்கரத்துக்குச் சாய்வின் மேல் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை இல்லை.

கடைசியாக, கழற்றிய சக்கரத்தின் ஆக்சிலில் ஒரு முனையில் மட்டும் கயிறு கட்டிப் பெரியவர் கூரைக் கம்பியில் தொங்கவிட்டார். சுற்றாதபோது சக்கரம் கவிழ்ந்து படுத்துத் தொங்கியது. செங்குத்தாகப் பிடித்து வேகமாகச் சுற்றிவிட்டுக் கையை எடுத்ததும், லேசாகத் தாழ்ந்து, பிறகு கீழே விழாமல் கயிற்றைச் சுற்றி மெல்ல வலம்வரத் தொடங்கியது. கீழே இழுக்கும் எடை இங்கேயும் பக்கவாட்டுத் திருப்பமாக மாறிவிடுகிறது. மேலே சொன்ன அளவுகளில், மொத்த எடை இரண்டு கிலோ, கயிறு நடுவிலிருந்து 6 செ.மீ. தள்ளி இருந்தால், ஒரு வலம்வர 13, 14 விநாடி ஆகும். சுழற்சி பாதியாகத் தளர்ந்தால் ஏழு விநாடியிலேயே ஒரு சுற்று முடிந்துவிடும். சக்கரம் ஓயும்போது அது வலம்வரும் வேகம் கூடுவதைப் பார்த்து அவள் கத்தியே விட்டாள்.

"சைக்கிள் விழாம ஓடறதும் இதனாலதானே?" என்று கேட்டாள். பலரும் நம்புவது அது. 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலர், முன்சக்கரத்தை ஒட்டி எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி இந்த விளைவை அடித்துப் போட்டுப் பார்த்தார். சைக்கிளை அப்போதும் ஓட்ட முடிந்தது. முன் கவையின் சாய்வு, எடை அமைந்திருக்கும் இடம், ஓட்டுபவர் ஹேண்டிலை ஒடிக்கும் விதம் என எல்லாம் சேர்ந்துதான் சைக்கிளை நிறுத்துகின்றன. சுழற்சிக்கும் அதில் பங்கு உண்டு; முழுப் பொறுப்பும் அதனுடையதல்ல.

அதைப் பெரிதும் நம்பி இயங்குவது பன்னாட்டு விண்வெளி நிலையம். ஏறக்குறைய 100 கிலோ எடையுள்ள எஃகுச் சக்கரம் ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 6,600 முறை சுழல, அத்தகைய நான்கு கருவிகள் அங்கே இருக்கின்றன. அவற்றின் அச்சை மோட்டார்கள் சாய்க்கும்போது எழும் பக்கவாட்டுத் தள்ளல்தான் எரிபொருள் செலவில்லாமல் நிலையத்தைத் திருப்புகிறது.

வீட்டில் செய்து பார்ப்பவர்கள் முன்சக்கரத்தையே எடுங்கள். பின்சக்கரத்தில் பல்சக்கரம் விரலைக் கிழிக்கும். ஆக்சில் முனைகளில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், விரல்கள் ஸ்போக்ஸ் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் காரணத்தை முதலில் சொல்லிவிடாதீர்கள். எந்தக் கை எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் கேளுங்கள்.